'இன்ட்ரஸ்டட் சார்'

எதிர்வீட்டுப் பெண் போனை நீட்டினாள். பீளமேட்டில் உள்ள பம்ப்செட் கம்பெனி ஒன்றின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியிருந்தார்: "எங்களுக்கு அக்கவுண்டன்ட் தேவை. டேலி, ஜிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும். 2-3 வருட அனுபவம். இன்பாக்ஸ் செய்யவும்." கீழே வரிசையாக 'இன்ட்ரஸ்டட் சார்', 'டீட்டெய்ல்ஸ் ப்ளீஸ்'. சிலர் போன் நம்பரையே போட்டிருந்தார்கள். ஊரே பார்க்கும் இடத்தில் நம்பரைப் போட்டால், வேலை தருபவரைவிட முன்பணம் கேட்கும் மோசடிக்காரன்தான் முதலில் கூப்பிடுவான்.

இவளும் 'ஹாய் சார்' என்று டைப் செய்துவிட்டு அனுப்பப் போனாள். தடுத்தேன். நண்பர் பட்டியலில் இல்லாதவர் அனுப்பும் செய்தி பெரும்பாலும் இன்பாக்ஸுக்குப் போகாது. 'மெசேஜ் ரிக்வெஸ்ட்ஸ்' என்ற தனி அறையில் கிடக்கும். அதைத் திறப்பவருக்கு முதலில் தெரிவது பெயரும் தொடக்க வரியும்தான். அந்த வரியில் 'ஹாய்' இருந்தால் எதற்காகத் திறப்பார்?

எழுதுவதற்கு முன் பதிவிட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். தன் பிரிவுக்கு ஆள் தேடுகிறவரா, தன் கம்பெனிக்கு ரெஃபர் செய்கிற ஊழியரா, எங்கோ வந்ததை ஃபார்வர்ட் செய்தவரா? மூன்றாமவரிடம் தன் வரலாற்றைச் சொல்லிப் பயனில்லை. யாருக்கு அனுப்புவது என்று மட்டும் கேட்கலாம். ரெஃபர் செய்கிறவர் என்றால், கம்பெனி வெப்சைட்டில் நாமே அவசரப்பட்டு விண்ணப்பித்துவிடக் கூடாது. ஏற்கெனவே விண்ணப்பித்தவரை ரெஃபரலாக ஏற்காத கம்பெனிகள் உண்டு. அவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. எங்கள் கதையில் மேனேஜர் முதல் வகை. அவர் பெயரும் கம்பெனியின் முகவரியும் வெப்சைட்டில் இருந்ததைப் பார்த்துக்கொண்டோம்.

பிறகு இருவருமாக எழுதியது இது:

"வணக்கம் சார். அக்கவுண்டன்ட் தேவை என்று இன்று நீங்கள் போட்ட பதிவைப் பார்த்து எழுதுகிறேன். பி.காம். முடித்து, ஒரு ஃபவுண்டரியில் 3 வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டேலியில் பில் என்ட்ரி, மாதாமாதம் 2பி-யைப் பர்ச்சேஸோடு ஒத்துப்பார்ப்பது, 3பி-க்குக் கணக்குத் தயார் செய்வது என் வேலை. ரிட்டர்னை நானே ஃபைல் செய்ததில்லை. ஆடிட்டர் ஆபீஸில் செய்கிறார்கள். ஊர் சிங்காநல்லூர். சேர 30 நாள் ஆகும். ரெஸ்யூமே எந்த மெயிலுக்கு அனுப்பட்டும், சார்?"

'ஜிஎஸ்டி தெரியும்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். சப்ளையர்கள் ஏற்றிய பில்கள் நம் கணக்கில் சேர்ந்து வரும் பட்டியல்தான் 2பி. அதற்கும் நம் பர்ச்சேஸ் கணக்கிற்கும் எங்கே இடிக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அந்த வாக்கியம் எழுத வரும். படிக்கிற மேனேஜருக்கும் அது தெரியும்.

ஃபைல் செய்ததில்லை என்ற வரியை எடுத்துவிடலாமே என்று அவள் கெஞ்சினாள். நான் விடவில்லை. இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே வெளிவரப் போகிற விஷயம். முன்னதாகச் சொன்னால் மற்ற வரிகளையும் நம்பத் தோன்றும். சம்பளம் பற்றி எழுதவில்லை. அது பதில் வந்த பிறகு கேட்கிற கேள்வி. ஆதார், பான், பேங்க் விவரம் எதையும் இந்தக் கட்டத்தில் கொடுக்கக் கூடாது. பதிவுக் கட்டணம், டிரெய்னிங் கட்டணம் என்று பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

செய்தியை அனுப்பிவிட்டு, பதிவின் கீழே 'இன்பாக்ஸில் எழுதியிருக்கிறேன் சார்' என்று ஒரே ஒரு வரி போட்டாள். ரிக்வெஸ்ட் அறையைத் திறக்க வைப்பதற்கு அது போதும். ரெஸ்யூமேயை டிரைவ் லிங்க்காக வைத்திருந்தாள். என் போனில் திறந்தால் அனுமதி கேட்டது. முன்பின் தெரியாதவர் அனுமதி கேட்டுக் காத்திருப்பாரா? பிடிஎஃப்பாக மாற்றி, 'ரெஸ்யூமே ஃபைனல் 2' என்றிருந்த பெயரை எடுத்துவிட்டு, அவள் பெயரையும் 'அக்கவுண்டன்ட்' என்ற சொல்லையும் ஃபைலுக்கு வைத்தோம்.

அன்று தேதி 9. நான்கு நாளாகப் பதில் இல்லை. 13-ம் தேதி நினைவூட்டட்டுமா என்று கேட்டாள். அவள் தொழிலிலேயே விடை இருந்தது. 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 கெடு, 14-ல் 2பி வரும், 20-க்குள் 3பி. அந்த நாட்களில் ஒரு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் இன்பாக்ஸா பார்ப்பார்?

21-ம் தேதி காலை, "9-ம் தேதி எழுதியிருந்தேன் சார். இடம் இன்னும் இருந்தால் ரெஸ்யூமே அனுப்புகிறேன்" என்று அனுப்பினாள். பதினோரு மணிக்கு மெயில் முகவரி வந்தது, கூடவே ஒரு கேள்வி: "2பி-யில் வராத பில்லை என்ன பண்ணுவீங்கம்மா?"