கடைசியில் போட்ட ஐஸ்

மேலே நீலம், நடுவில் ஊதா, அடியில் ஏறக்குறைய நிறமே இல்லாத எலுமிச்சை சர்பத். ஜூஸ் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் மூன்றையும் சரியாகவே கொண்டுவந்துவிட்டான். அப்புறம் பழக்க தோஷம், இரண்டு ஐஸ் கட்டியை மேலிருந்து உள்ளே போட்டான். ‘பொளக்’ என்று ஒரு சத்தம். கிளாஸ் முழுக்க ஒரே ஊதா.

“அண்ணே, கலங்கிருச்சு.”

“ஐஸைத்தான் முதல்ல போடணும்டா. அதைக் குடிச்சிட்டு அடுத்ததைப் போடு.”

மெனு அட்டையில் படம் போட்டு விற்கிற அடுக்கு மாக்டெய்ல்களில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எது கனமோ அது கீழே நிற்கும், கனம் தருவது சர்க்கரை. ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு கிலோ தண்ணீர் சேர்த்துக் கரைத்த பாகு, ஒரு மில்லி லிட்டருக்கு சுமார் 1.23 கிராம் இருக்கும். ஆரஞ்சு ஜூஸ் 1.05-ஐ ஒட்டி நிற்கும். வெறும் தண்ணீர் 1. இந்த வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நேரம் அடுக்கு தாங்கும். சந்தேகமாக இருந்தால் சோதிப்பது சுலபம்: ஒரு பானத்தில் இன்னொன்றை ஒரு ஸ்பூன் விட்டுப் பார்க்கலாம். விட்டது கீழே இறங்கினால் அதுதான் கனம்.

சர்க்கரை வேண்டாம் என்கிறவருக்கு இந்த வித்தை நடக்காது. அவருக்கு அழகாகக் கலக்கியே கொடுத்துவிடலாம்.

அந்தக் கடையில் கலங்கிப்போனது சங்குப்பூ எலுமிச்சை. மூன்று நிறம் தெரிந்தாலும் ஊற்றுவது இரண்டே திரவங்களைத்தான். 200 மில்லி சுடுநீரில் உலர்ந்த சங்குப்பூ எட்டுப் பத்து போட்டு, ஐந்து நிமிடத்தில் வடிகட்டி, நன்றாகக் குளிரவைக்க வேண்டும். 350 மில்லி பிடிக்கிற உயரமான கிளாஸில் முதலில் 30 மில்லி பாகும் 15 மில்லி எலுமிச்சைச் சாறும் விட்டுக் கலக்க வேண்டும். அதன்மேல் ஐஸ். கடைசியாக, 120 மில்லி சங்குப்பூ நீரை ஒரு ஸ்பூனின் முதுகில் விட்டு, அது ஐஸின்மேல் வழிந்து இறங்கும்படி மெல்ல ஊற்ற வேண்டும். நீலம் மேலே நின்றுகொள்ளும். அதன் அடிப்பக்கத்தை எலுமிச்சை தொடுகிற இடத்தில் ஊதா பிறக்கும், இன்னும் கீழே அது ரோஸ் நிறமாகும். சங்குப்பூவின் நீலம் புளிப்புப் பட்டால் நிறம் மாறுகிற சாயம் என்பதால், நடு அடுக்கை யாரும் ஊற்றவே வேண்டியதில்லை.

பளபளப்புக்கு ஆசைப்பட்டுச் சிலர் இதில் தண்ணீருக்குப் பதில் சோடா விடுவார்கள். மேலேறும் குமிழிகள் கரண்டி போட்டுக் கலக்குகிற வேலையைச் செய்துவிடும். ஓரிரு நிமிடத்தில் எல்லாம் ஊதாதான்.

நிறங்களைக் கோடு போட்ட மாதிரி பிரிப்பது ஒரு வகை என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவிடுவது வேறு வகை. இரண்டுக்கும் வித்தியாசம் ஊற்றும் வரிசையில் இருக்கிறது. கனமானதை முதலில் விட்டால் கோடு கிடைக்கும். கடைசியில் விட்டால், அது மேலே இருக்கும் பானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும்போது வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே போகும். டெக்கீலா சன்ரைஸ் என்ற காக்டெய்லின் சூரியோதயம் இப்படி வந்ததுதான். அதில் மதுவைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஆரஞ்சு ஜூஸும் மாதுளை சிரப்பும். ஐஸ் போட்ட கிளாஸில் 150 மில்லி ஆரஞ்சு ஜூஸை நிரப்பி, 20 மில்லி சிரப்பை உள்சுவரை ஒட்டி விட்டால், அடியில் சிவப்பும் மேலே மஞ்சளுமாக இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து நிற்கும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதையும் இங்கேயே யோசிக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்தால் ஆரஞ்சு நிறம், குற்றமில்லை. ஆரஞ்சு ஜூஸின்மேல் சங்குப்பூ நீரை விட்டால் கலக்கும் இடம் சேற்று நிறமாகிவிடும். அதை எந்தக் கேமராவாலும் காப்பாற்ற முடியாது.

இனி ஐஸ். ஃப்ரீசர் ட்ரேயில் எடுக்கும் கட்டியின் நடுவில் வெள்ளையாக ஒரு பஞ்சு தெரியுமே, அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. ட்ரேயில் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் உறைவதால், காற்று போக வழியில்லாமல் நடுவில் சிக்கிக்கொள்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆனால் அதில் கிடைக்கும் பலன் சொற்பம். உருப்படியான வழியைப் பரப்பியவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மதுவகைகளைப் பற்றி எழுதும் கேம்பர் இங்கிலிஷ். 2009-இல் அவர் ஒரு சின்ன ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றி ஃப்ரீசருக்குள் வைத்தார். பக்கங்களிலும் அடியிலும் குளிர் ஏறாததால் தண்ணீர் மேலிருந்து கீழாக மட்டும் உறைந்தது, காற்றையும் அழுக்கையும் கீழே தள்ளிக்கொண்டே போனது. நம் கடைக்கு ஒரு தெர்மோகோல் பெட்டியும் அதற்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போதும். அடியில் கால்பங்கு இன்னும் தண்ணீராக இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். முழுக்க உறையவிட்டால் அந்தக் கால்பங்குதான் வெள்ளையாகும், கட்டியும் விரிசல் விடும்.

எடுத்த பாளத்தை உடனே வெட்டக் கூடாது. மேலே படிந்த வெண்பனி மறைந்து, ஈரமாகப் பளபளக்கும்வரை வெளியே வைத்துவிட்டு, பல்லுள்ள கத்தியால் கோடு கீறி, கத்தியின் முதுகில் லேசாகத் தட்டினால் நேராகப் பிளக்கும். அவசரப்பட்டுக் குளிர்ந்த கட்டியிலேயே பானத்தை விட்டால் ‘படக்’ என்று உள்ளுக்குள் வெடித்து, அத்தனை பாடும் வீண். துண்டு நல்லதா என்று பார்க்கச் செய்தித்தாளின்மேல் வைத்தால் போதும், எழுத்து படிக்க முடிய வேண்டும். தெளிவாக இருந்தால் சுத்தமான ஐஸ் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. கண்ணாடி மாதிரி இருக்கும் கட்டியிலும் கிருமி இருக்கலாம். குடிக்கிற தண்ணீரில் செய்ததுதானா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

ஐஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. பானம் ஏற ஏற அது மிதந்து எழும்பும், எழும்பும்போது அடியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால் கிளாஸின் அகலத்துக்கு ஏறக்குறைய சமமாக நீளத் துண்டு வெட்டிச் செருகுகிறார்கள், அல்லது சின்னக் கட்டிகளை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி நெருக்கி அடுக்குகிறார்கள்.

மிச்சம் இருப்பது விளிம்பில் செருகும் எலுமிச்சை வட்டம். சங்குப்பூ கிளாஸுக்கு இதுவே எமன். நறுக்கிய பச்சை வட்டத்திலிருந்து சாறு சொட்டி, நீலத்துக்குள் ஊதாக் கோடுகள் இறங்கும். நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, வட்டம் தொய்ந்தும் போகும். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் சாத்துக்குடியை வட்டமாக நறுக்கி, விதை எடுத்து, அவனில் 70, 80 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்தி வைத்துக்கொண்டால் சொட்டாது, ஒளிபட்டால் வண்ணக் கண்ணாடி போலவும் தெரியும். சூட்டைக் கூட்டினால் பழுப்பாகிக் கசக்கும். உலர்ந்த வட்டத்தில் வாசனை குறைவு. அதற்காக நார்த்தங்காய்த் தோலில் ஒரு சீவலைக் கிளாஸின்மேல் பிடித்து லேசாக முறுக்கினால், தோலின் எண்ணெய் மேலே தெளிக்கும்.

மேசைக்குப் போனதும் பெரும்பாலானோர் முதலில் போட்டோ எடுப்பார்கள், அடுத்து ஸ்ட்ராவை அடிவரை விட்டு உறிஞ்சுவார்கள். வாய்க்கு வருவது வெறும் பாகும் புளிப்பும். ‘தித்திப்பு திகட்டுதே’ என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால் அந்தக் கடையில் கிளாஸோடு ஒரு நீளக் கரண்டியையும் வைக்கிறார்கள். “போட்டோ எடுத்தாச்சாக்கா? இப்ப நல்லாக் கலக்கிக் குடிங்க” என்கிறான் பையன்.