போகாத ஊரில் நின்று பேசினேன்

"ஏம்மா, மெட்ராசுக்குப் போயிட்டு வந்தியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் என் பாட்டி தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. மனத்தாங்கல்தான் இருந்தது. முதல் நாள் இரவு ஒளிபரப்பான நாடகத்தில், மெரினா கடற்கரையில் நின்று செய்தி சொல்லும் நிருபராக நான் ஒரு நிமிடம் வந்து போனேன். பாட்டி தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தன் அப்பா பிறந்த நாட்டை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. தன்னை விட்டுவிட்டுப் பேத்தி மட்டும் போய் வந்துவிட்டாளே என்ற வருத்தம் அவருக்கு.

உண்மையில் அன்று நான் ரவாங்கைத் தாண்டவே இல்லை. கடைவீடு ஒன்றின் மேல்மாடியில், சுவரில் இழுத்துக் கட்டிய பச்சைத் துணிக்கு முன்னால் நின்றிருந்தேன்.

வானொலி அறிவிப்பாளர்களுக்கு முகம் காட்டிப் பழக்கம் இல்லை. அதனால் என்னிடம் இருப்பதிலேயே அழகான மயில்கழுத்து நிறப் புடவையை உடுத்திக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டு போனேன். ஒளிப்பதிவாளர் அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "தங்கச்சி, திரையில வந்து பாருங்க" என்றார். பார்த்தேன். என் தலையும் கைகளும் மட்டும் கடற்கரையில் மிதந்துகொண்டிருந்தன. புடவை இருந்த இடத்தில் அலை அடித்தது!

காரணம் எளிமையானது. கேமரா எடுக்கும் படம் இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு இருக்கின்றன என்று கணினி பார்க்கிறது. மற்ற இரண்டையும்விடப் பச்சை நன்றாக மிஞ்சியிருந்தால் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு, அங்கே வேறு படத்தைக் காட்டுகிறது. அது துணியா புடவையா என்று கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நிறம் மட்டும்தான். வெற்றிலைத் தட்டு, வாழை இலை, மாலையில் கோத்த துளசி எல்லாமே இந்தத் திரைக்கு முன்னால் ஓட்டையாகிவிடும்.

பச்சையையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மாநிறமோ கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் எதிலும் சிவப்புக் கலப்புதான் தூக்கலாக இருக்கும். பச்சை அதிலிருந்து விலகி நிற்கிறது. தவிர, பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் உணரியில் பச்சையைப் பிடிக்கும் கண்கள், சிவப்பையோ நீலத்தையோ பிடிக்கும் கண்களைப்போல் இரண்டு மடங்கு இருக்கின்றன. அதனால் பச்சை தெளிவாகப் பதிகிறது. வெட்டி எடுப்பதும் சுலபம்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கிய அரக்குப் புடவையில் மறுபடியும் நின்றேன். அப்போதும் தொல்லை தீரவில்லை. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து என் மேல் விழுந்ததில் மல்லிகைப்பூவும் சரிகையும் இலேசாகப் பச்சை பூத்திருந்தன. என்னைத் துணியிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். துணிக்குத் தனி விளக்கு, எனக்குத் தனி விளக்கு. என் நிழல் துணியில் விழக்கூடாது, துணியிலும் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. சுருக்கம் இருந்தால் அந்த இடம் மட்டும் கருத்து, கணினி அதை அழிக்காமல் விட்டுவிடும்.

பிறகு அளவுப் பொருத்தம். கேமரா என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அப்படியானால் கடலும் வானும் சேரும் கோடும் என் நெஞ்சுக்கு நேராகத்தான் தெரிய வேண்டும். முதலில் அது முழங்காலுக்கு நேராக வந்தது. மணலில் நிற்கும் பெண்ணாகத் தெரியாமல், பனைமர உயர பூதமாகத் தெரிந்தேன். படத்தை மேலே ஏற்றியதும்தான் சாதாரண மனுஷியானேன்.

நாங்கள் செய்தது ஒரு நிமிடக் காட்சி. இதையே பெரிய அளவில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012-இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படம் உதாரணம். பாண்டிச்சேரிக் காட்சிகளைப் பாண்டிச்சேரியிலேயே எடுத்தார்கள். ஆனால் சூரஜ் சர்மா புலியோடு தத்தளிக்கும் அந்த மாக்கடல், தைவானின் தைச்சுங் நகரத்துப் பழைய விமான நிலையத்தில் கட்டிய தொட்டி. ஏறக்குறைய 70 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சுற்றிலும் நீலத் திரை. வானத்தையும் தூரத்துக் கடலையும் பிறகு கணினியில் சேர்த்தார்கள். பெரும்பாலான காட்சிகளில் புலியும் கணினியில் பிறந்ததுதான். அந்தப் பணியில் நம் சைபர்ஜெயாவில் இயங்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் கிளையும் பங்கெடுத்தது. 2013-இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. கதை என்று தெரிந்தே பார்க்கிறோம். வானிலை அறிவிப்பாளரும் அப்படித்தான். வெறும் பச்சைச் சுவரைத் தடவிக்கொண்டு, பக்கத்துத் திரையைப் பார்த்தபடி கெடாவையும் ஜொகூரையும் காட்டுகிறார். அவர் வரைபடத்தின் மேல் நிற்கிறார் என்று எந்தக் குழந்தையும் நம்பாது.

சிக்கல், "இங்கிருந்து பேசுகிறேன்" என்று செய்தியில் சொல்லும்போதுதான் வருகிறது. 1994 ஜனவரியில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் இது நடந்தது. செய்தியாளர் கோக்கி ராபர்ட்ஸ் குளிருக்கான மேலங்கி அணிந்து தோன்றினார். பின்னால் நாடாளுமன்றக் கட்டடம். செய்தி வாசித்த பீட்டர் ஜென்னிங்ஸும் அவர் அங்கிருந்து பேசுவதாகவே அறிமுகப்படுத்தினார். ஆனால் அவர் நின்றது வாஷிங்டன் நிலையத்தின் கதகதப்பான ஒளிப்பதிவுக் கூடத்தில். பின்னால் தெரிந்தது வெறும் படம். விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது, ராபர்ட்ஸும் கண்டிக்கப்பட்டார். சர்ச்சை அவர் சொன்ன செய்தியைப் பற்றி எழவில்லை. அவர் நின்ற இடத்தைப் பற்றித்தான் எழுந்தது. நிற்கும் இடத்தையே மாற்றிச் சொல்பவர், பார்த்ததாகச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

வீட்டில் உட்கார்ந்தே இதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பின்னால் தென்னை ஆடும்போது நிருபரின் முடி அசைகிறதா என்று பாருங்கள். முகத்தில் வெளிச்சம் விழும் பக்கமும் பின்னணியில் வெயில் அடிக்கும் பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பிரிந்து பறக்கும் தலைமுடியின் ஓரம் கத்தரித்ததுபோல் இருந்தால் சந்தேகப்படலாம். என் தொழில்வழி ஒரு யோசனை: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நடுத்தெருவில் நிற்பவரின் குரல் மூடிய அறையில் பேசுவதுபோல் ஒலித்தால், அவர் அறையில்தான் இருக்கிறார். ஆனால் இவை எல்லாமே அவசர வேலையில் மட்டும்தான் மாட்டும். நன்றாகச் செய்துவிட்டால் கண்ணாலும் காதாலும் பிடிக்க முடியாது. அங்கே சொல்பவரின் நேர்மை ஒன்றுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்கப் போனேன். படப்பிடிப்பில் எடுத்த காணொளியைக் கைப்பேசியில் காட்டினேன். என் தலை மட்டும் மிதந்ததைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"அந்தக் கடல் நம்ம ஜெரம் கடல் மாதிரியே இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். பொழுது சாயுறப்போ சூரியன் அப்படித்தான் தண்ணிக்குள்ள இறங்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னணிக் காட்சியை நாடகக் குழு ஜெரம் பந்தாய் ரெமிஸில் மாலை வேளையில்தான் எடுத்திருந்தது. நம் கடற்கரை மேற்கே பார்த்தது. மெரினாவோ கிழக்கே பார்த்தது. அங்கே சூரியன் கடலில் விழாது, கடலிலிருந்துதான் எழும். இயக்குநர், ஒளிப்பதிவாளர், நான் என யாருமே கவனிக்கவில்லை.

அதைச் சொன்னதும் பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கடல்லேருந்து சூரியன் வர்றத நான் பார்த்ததே இல்லம்மா" என்றார்.

மறுவாரம் அவரை அழைத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். கடப்பிதழுக்குப் படம் எடுக்க உட்கார வைத்தபோது, பின்னால் திரும்பிச் சுவரை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"இது பச்சை இல்லையே?" என்றார்.