பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம்: யார், எப்போது?

கல்வி உரிமைச் சட்டம் (2009) அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்துள்ளது. எனவே தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதைக் கவனிப்பது நம் பொறுப்பு.

“மாணவியர் கழிப்பறைத் தண்ணீர்ப் பிரச்சினை விரைவில் சரிசெய்யப்படும்” என்று எழுதினால் அடுத்த மாதம் யாரையும் கேட்க முடியாது. “உடைந்த 2 குழாய்களை மாற்றுவது, பொறுப்பு குழுத் தலைவி, ஜூலை 18-க்குள், செலவு பள்ளி மானியத்திலிருந்து” என்று எழுதினால் கேட்கலாம். “உறுப்பினர்கள்” என்று பொதுவாக எழுதாமல் ஒருவரின் பெயரை எழுத வேண்டும். கெடு, அடுத்த கூட்டத்துக்கு முந்தைய நாளாக இருப்பது நல்லது.

புதிய கழிப்பறை கட்டுவது போன்றவை குழுவின் கையில் இல்லை. அங்கே “அரசு கட்டித் தர வேண்டும்” என்று எழுதி நிறுத்தக் கூடாது. யார், எந்த அலுவலகத்தில், எந்தத் தேதிக்குள் மனு கொடுத்து ஒப்புகை ரசீது வாங்குவது என்று எழுத வேண்டும்.

கூட்டம் முடியுமுன் தீர்மானங்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பொறுப்பேற்றவர் அப்போதே சம்மதம் சொல்லட்டும். பிறகு கடைசி வரியை ஒட்டிக் கையொப்பமிடுங்கள். இடைவெளி விட்டால் பின்னர் வரிகள் சேர்க்கப்படலாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, பழைய தீர்மானங்களை வாசித்து “முடிந்தது” அல்லது “முடியவில்லை, காரணம், புதிய தேதி” என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறிப்பதுதான். ஒரே தீர்மானம் மூன்று மாதம் புதிய தேதியுடன் வந்தால், பொறுப்பை வேறொருவருக்கு மாற்றுங்கள்.