பாவு என்ன, ஊடை என்ன?

சப்ளையரின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சேலைப் படம் வந்து விழுகிறது. கீழே ஒரே வரி: ‘ப்யூர் சாஃப்ட் சில்க், ஹேண்ட்லூம் ஃபினிஷ், ரிச் பல்லு, 1150 + ஷிப்பிங்.’ இதுவரை காட்டன் சேலை மட்டுமே விற்றுவந்த ஒரு ரீசெல்லர் அதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலையில் 150 ரூபாய் கூட்டி, அந்த வரியை அப்படியே தன் வாடிக்கையாளர்களுக்குத் தட்டிவிடலாம். பலரும் செய்வது அதுதான். ஆனால் அனுப்பிய நொடியில் ‘ப்யூர்’ என்று சொன்னவர் சப்ளையர் அல்ல, அவர்தான். சேலையைக் கட்டிப் பார்த்த பெண் சண்டைக்கு வருவதும் அவரிடம்தான்.

கேள்வி கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ‘அண்ணா, இது ஒரிஜினல் பட்டுதானே?’ ‘ஆமா சிஸ், சூப்பர் குவாலிட்டி.’ இந்தப் பதிலை வைத்து ஒரு வார்த்தைகூட எழுத முடியாது. ஆமாம், இல்லை என்று முடிந்துவிடக்கூடிய கேள்வியை விற்பவரிடம் கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். கேள்வியை நெசவுக்குள் கொண்டுபோக வேண்டும்: ‘அண்ணா, பாவுல என்ன நூல், ஊடையில என்ன நூல்?’

நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் ஒரே நூலாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாவில் பட்டும் ஊடையில் பருத்தியும் வரலாம். பாவில் பாலியெஸ்டரும் ஊடையில் விஸ்கோஸும் வரலாம். இரண்டிலும் பட்டு இருந்தால்தான் அது முழுப்பட்டு. ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயர் இதில் எதையும் சொல்வதில்லை. அசல் மல்பெரி பட்டில் மெல்லிதாக நெய்ததும் அந்தப் பெயரில் விற்கிறது, ஒரு இழைகூடப் பட்டு இல்லாததும் அதே பெயரில் விற்கிறது. நெசவு ஊரோடு நேரடித் தொடர்புள்ள சப்ளையர் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். ‘கேட்டுச் சொல்றேன் சிஸ்’ என்று வந்தால் அவரும் இன்னொருவரின் படத்தை ஃபார்வர்ட் செய்கிறவர் என்று புரிந்துகொள்ளலாம். அதில் தப்பில்லை. கேட்டுச் சொல்லும்வரை எழுதாமல் இருந்தால் போதும்.

அடுத்து எடையைக் கேட்கலாம். முழுப்பட்டில் நெய்த மெல்லிய சேலைகூட அரைக் கிலோவுக்குச் சற்று முன்பின் இருக்கும். ஒரு கிலோ மல்பெரி பட்டு நூல் பல ஆயிரம் ரூபாய். நூலின் விலையே 1150ஐத் தாண்டும்போது நெசவுக் கூலி, சாயக் கூலி, சப்ளையரின் லாபம் எல்லாம் எங்கிருந்து வரும்? இந்தக் கணக்கைப் போட்டாலே ‘ப்யூர்’ விழுந்துவிடும். விலை குறைவு என்பதால் சேலை மோசம் என்று ஆகாது. 1150 ரூபாய்க்கு அது நல்ல சேலையாகவே இருக்கலாம். பட்டாக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

பட்டு என்று சப்ளையர் உறுதியாகச் சொன்னால் ‘சில்க் மார்க் லேபிள் இருக்கா?’ என்று கேட்டு, அந்தச் சேலையிலேயே தொங்கும் லேபிளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த முத்திரை அது. பட்டா இல்லையா என்பதைத்தான் அது சொல்லும். கைத்தறியா, ஜரிகை எப்படி என்பதற்கு அதில் பதில் இல்லை. இன்னொரு வழி பில். ஜி.எஸ்.டி. பில்லில் ஹெச்.எஸ்.என். எண் என்று ஒன்று இருக்கும். பட்டுத் துணிக்கு 5007, பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிக்கு 5407, விஸ்கோஸ் இழைத் துணிக்கு 5408. வாயால் பட்டு என்று சொல்லிவிட்டு பில்லில் 5407 போடுகிறவர் எதை விற்கிறார் என்பதை அவரே எழுதித் தந்துவிட்டார்.

புதிய ரகம் என்றால் ஒரே ஒரு சேலையைக் காசு கொடுத்து வாங்கிவிடுவது நல்லது. முந்தானை நுனியில் தொங்குபவை பாவு இழைகள். அதில் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடையில் ஒன்று, இரண்டையும் தனித்தனியாக உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துக் கொளுத்த வேண்டும். பட்டு மெதுவாக எரியும், முடி கருகிய வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். விஸ்கோஸ் காகிதம்போல் குபுக்கென்று எரிந்து, காகித வாடையோடு லேசான சாம்பலாகும். பருத்தியும் ஏறக்குறைய அப்படித்தான் எரியும் என்பதால் அவை இரண்டையும் இதில் பிரிக்க முடியாது. ஒரே நூலில் இரண்டு இழைகளைக் கலந்து முறுக்கியிருந்தாலும் குழப்பும்.

ஜரிகைக்கும் இதே கதைதான். ‘ஜரிகை ஒரிஜினலா?’ என்று கேட்காமல் ‘வெள்ளி ஜரிகையா, செம்பு ஜரிகையா, பிளாஸ்டிக் ஜரிகையா?’ என்று கேட்க வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. செம்புக் கம்பி மேல் வெள்ளி முலாம் பூசியது அதற்கு அடுத்த ரகம். கடைசி ரகம் பாலியெஸ்டர் படலத்தில் உலோகப் பூச்சு. நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்பார்கள். போலியிலும் சிவப்பு நூலை வைத்து விடுவதால் அதை மட்டும் நம்ப முடியாது. பரிசோதனைச் சீட்டு இல்லாத சேலைக்கு ‘ஜரிகை’ என்று மட்டும் எழுதி, ‘அசல்’ என்ற சொல்லை விட்டுவிடுவதே சரி. ‘ஹேண்ட்லூம் ஃபினிஷ்’ பற்றியும் ஒரு வார்த்தை: கைத்தறியில் நெய்த சேலைக்கு யாரும் ஃபினிஷ் என்று போடுவதில்லை. ‘கைத்தறியா, விசைத்தறியா?’ என்று கேட்டால் ‘பவர்லூம்தான் சிஸ்’ என்று அவரே சொல்லிவிடுவார்.

மற்றவை சின்னக் கேள்விகள், ஆனால் சண்டை அதிகம் வருவது அவற்றில்தான். நீளம் பிளவுஸ் துணியோடு சேர்த்தா, தனியா? 6.3 மீட்டர் என்றால் பொதுவாகச் சேலை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் 80 சென்டிமீட்டர். படத்தில் மாடல் போட்டிருக்கும் ஒர்க் பிளவுஸ் சேலையோடு வராது என்றால் அதை எழுதியாக வேண்டும். நிறத்துக்கு ஃபில்டர் போடாத பகல் வெளிச்ச வீடியோ ஒன்று கேட்டு வாங்கலாம். சாயத்துக்கு வெள்ளைத் துணியை நனைத்து பார்டரில் தேய்த்துப் பார்க்கச் சொல்லலாம், கையில் சேலை இருந்தால் நாமே பார்க்கலாம்.

பதில்கள் வந்த பிறகு அதே சேலைக்கு எழுத வேண்டியது இப்படி இருக்கும்: ‘சாஃப்ட் சில்க் ரகம். பாவு பாலியெஸ்டர், ஊடை விஸ்கோஸ், பட்டு கலக்கவில்லை. விசைத்தறி. பிளாஸ்டிக் ஜரிகை பார்டர். பிளவுஸோடு 6.3 மீட்டர். எடை 420 கிராம். முதல் இரண்டு முறை தனியாக அலசவும்.’ படிக்கப் பகட்டாக இல்லைதான். பட்டு வேண்டுபவர் இதைப் படித்து ஒதுங்கிவிடுவார். அவருக்கு விற்றிருந்தால் சேலை திரும்பித்தான் வந்திருக்கும்.

அப்படித் திரும்பினால் யார் ஏற்பது என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். 2020இன் மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்பவர், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. சப்ளையர்களோ ‘டேமேஜ் மட்டும்தான் ரிட்டர்ன், பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம்’ என்று நிற்பார்கள். நூல் வேறாக இருப்பது அவர்கள் கணக்கில் டேமேஜ் இல்லை. ‘நீங்க சொன்ன நூல் இல்லன்னா ரிட்டர்ன் எடுப்பீங்களா அண்ணா?’ என்ற கேள்வியை போனில் கேட்காமல் சாட்டிலேயே கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்துக்கொண்ட பிறகு படத்தை அனுப்பலாம்.