நடப்பு விகிதம் 2.4 வந்தாச்சு… அப்புறம் என்ன எழுதணும்?

காமர்ஸ் தேர்வில் விகிதப் பகுப்பாய்வு கேள்வி வந்தால் பலருக்கும் கணக்கு சரியாக வந்துவிடும். ‘கருத்துரை தருக’ என்ற கடைசி வரியில்தான் பேனா நிற்கும். ‘விகிதம் 2:1-ஐ விட அதிகம், எனவே நிதிநிலை திருப்தி’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவோம். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் தவறாகப் போகலாம் என்பதை ராமேஸ்வரம் கடற்கரையை வைத்துப் பார்ப்போம்.

ஒரு கருவாட்டுக் கணக்கு

பாம்பனில் கருவாடு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணக்கு முடியும் நாள் மார்ச் 31. போன வருடம் அவருடைய நடப்புச் சொத்து 24 லட்சம், நடப்புப் பொறுப்பு 12 லட்சம். விகிதம் 2. இந்த வருடம் சொத்து 36 லட்சம், பொறுப்பு 15 லட்சம். விகிதம் 2.4. பார்த்தவுடன், ‘முன்னேற்றம்’ என்று எழுதத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். நடப்புச் சொத்துக்குள் சரக்கிருப்பு எவ்வளவு? போன வருடம் 8 லட்சம், இந்த வருடம் 21 லட்சம். அதைக் கழித்தால் மீதி 16 லட்சமாக இருந்தது, இப்போது 15 லட்சம். பொறுப்போ 3 லட்சம் கூடியிருக்கிறது. விரைவு விகிதம் 1.33-லிருந்து 1-ஆக இறங்கிவிட்டது. அதாவது, நடப்பு விகிதத்தை உயர்த்தியது கையிருப்புப் பணமோ வரவேண்டிய பாக்கியோ இல்லை. குடோனில் இருக்கும் கருவாடு.

தடைக்காலம்தான் காரணமா?

இந்தக் கடற்கரையை அறிந்தவர்கள் உடனே ஒரு காரணம் சொல்வார்கள். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போகும் என்றாலும் மீன்வரத்து குறைந்துவிடும். கணக்கு முடிந்து இரண்டே வாரத்தில் தடை தொடங்குவதால், முன்கூட்டியே சரக்கு சேர்த்து வைப்பது இயல்புதான்.

நல்ல காரணம். ஆனால், தடை போன வருடமும் அதே தேதியில்தானே வந்தது? அப்போது 8 லட்சத்தில் சமாளித்தவருக்கு இப்போது ஏன் 21 லட்சம்? எல்லா வருடமும் இருக்கும் ஒரு விஷயம், இந்த வருட மாற்றத்துக்கு மட்டும் காரணமாகாது.

இதை எண்ணாலேயே சோதிக்கலாம். விற்ற சரக்கின் அடக்க விலை போன வருடம் 72 லட்சம், இந்த வருடம் 72.5 லட்சம். வியாபாரம் ஏறவே இல்லை. 72.5 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 20 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு போகிறது. 61 நாளுக்குத் தேவை சுமார் 12 லட்சம். மீதி 9 லட்சத்துக்குத் தடைக்காலம் பதில் சொல்லவில்லை. விலை ஏறும் என்று நம்பி வாங்கியிருக்கலாம். அல்லது விற்காமல் தேங்கியிருக்கலாம்.

சுழற்சி விகிதத்தில் ஒரு சிக்கல்

போன வருடத் தொடக்க இருப்பும் 8 லட்சம் என்று வைத்தால், சரக்கிருப்புச் சுழற்சி அப்போது 9 முறை. இந்த வருடச் சராசரி இருப்பு (8 + 21) ÷ 2 = 14.5 லட்சம். எனவே 5 முறை. வேகம் குறைந்தது உண்மை.

ஆனால், சராசரிக்கு எடுத்த இரண்டு எண்களுமே மார்ச் 31-க்கு உரியவை, தடைக்கு முன்பு சரக்கு குவியும் நேரம். மாதவாரி இருப்பை எடுத்தால் சராசரி குறைந்து சுழற்சி கூடுதலாகத் தெரியலாம். பருவத்தைச் சார்ந்த தொழிலில் இந்த வரம்பைக் கருத்துரையில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

இப்படி எழுதலாம்

‘நடப்பு விகிதம் 2-லிருந்து 2.4 ஆக உயர்ந்துள்ளது. உயர்வுக்குக் காரணம் சரக்கிருப்பு 13 லட்சம் கூடியதே. விரைவு விகிதம் 1.33-லிருந்து 1 ஆகவும், சுழற்சி 9-லிருந்து 5 முறையாகவும் குறைந்துள்ளன. விற்பனை அளவு மாறாத நிலையில் சரக்கு தேங்கியிருக்கலாம். குறுகிய காலக் கடனைத் தீர்க்கும் திறன் கூடியதாகக் கொள்ள இயலாது.’

இதில் என்ன மாறியது, எதனால், அதனால் என்ன என்ற மூன்றும் வந்துவிட்டன. கேள்வியில் உள்ள எண்களை உறுதியாகவும், அதில் இல்லாத காரணத்தை ‘இருக்கலாம்’ என்றும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தேர்வுத்தாளில் இந்த வேறுபாடு முக்கியம்.

வேலையில் இதே கணக்கு உங்கள் மேசைக்கு வந்தால் இன்னொரு படி போகலாம்: ஜூன் 15-ம் தேதி இருப்பைக் கேளுங்கள். 21 லட்சம் நன்றாகக் கரைந்திருந்தால் அது தடைக்காலத் தயாரிப்பு. பெரும்பகுதி அப்படியே கிடந்தால், அந்தக் கருவாட்டை அடக்க விலையில் காட்டுவதே சரியா என்ற கேள்வி வரும். இன்று விற்றால் கிடைக்கும் தொகை அடக்க விலையைவிடக் குறைவு என்றால், குறைந்த தொகையைத்தான் இருப்பாகக் காட்ட வேண்டும். அப்போது அந்த 2.4-ம் நிற்காது.