அதிகாலையில் ஏன் கீச்சிடுகிறது?

அமெரிக்காவில் அநேகமாக எல்லா வீடுகளிலும் ஒரு புகை அலாரமாவது இருக்கும். குளிர்காலத்தில், ஊரே உறங்கும் அதிகாலை மூன்று மணிக்கு அது ‘கீச்’ என்று ஒரே ஒரு தடவை கத்தும். எங்கே என்று தேடி எழுவதற்குள் அடங்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் இன்னொரு கீச். விடிந்து வீடு சூடேறியதும் சத்தமே இருக்காது. மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் தொடங்கும்.

காரணம் பேட்டரிதான். ஆனால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதல்ல அந்தக் கீச்சின் பொருள்.

ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் பழைய வகை அலாரம் சராசரியாகச் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர் மின்சாரத்தைத்தான் இழுக்கும். அவ்வளவு சொற்ப வேலைக்கு, பாதி தீர்ந்த பேட்டரிகூடத் தெம்பாகவே தோன்றும். உட்கார்ந்திருக்கும் கிழவரின் பலம், மூட்டையைத் தூக்கச் சொன்னால்தானே தெரியும்? அலாரத்துக்குள் இருக்கும் சிப் அதைத்தான் செய்கிறது. ஏறக்குறைய 40 விநாடிக்கு ஒருமுறை சிவப்பு விளக்கை ஒரு கணம் எரிய வைக்கிறது. அந்தக் கணத்தில் மட்டும் பேட்டரிமேல் 10 மில்லி ஆம்பியர், அதாவது வழக்கத்தைப்போல் ஆயிரம் மடங்கு சுமை ஏறுகிறது. அப்போது வோல்டேஜ் சுமார் 7.5-க்குக் கீழே இறங்கினால், ஒலிப்பான் கீச்சிடுகிறது.

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, உள்தடை கூடும். அதே சுமைக்கு வோல்டேஜ் கூடுதலாகச் சரியும். வீட்டில் குளிர் உச்சத்தில் இருப்பது அதிகாலையில். எல்லையை ஒட்டி நின்ற பேட்டரி, அந்த நேரத்தில் எல்லைக்குக் கீழே போகிறது. வெயில் வந்ததும் திரும்ப மேலேறுகிறது.

கீச் கேட்கத் தொடங்கும்போது பேட்டரியில் கணிசமான மின்சாரம் மிஞ்சியிருக்கும். அது வேண்டுமென்றே வைத்த இருப்பு. கீச் தொடங்கும் நிலையில் உள்ள பேட்டரியால் நான்கு நிமிடம் முழு அலாரம் ஒலிக்க முடியவேண்டும். அதற்குப் பிறகும் ஏழு நாள் கீச்சிட முடியவேண்டும் என்கிறது அமெரிக்கத் தர விதியான யுஎல் 217.

சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். ஒன்பது வோல்ட் பெட்டிக்குள் ஆறு சிறு செல்கள், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த வோல்டேஜ் சரிவுப் பாதைபோல மெதுவாக இறங்கும். அதனால் எச்சரிக்கை முன்கூட்டியே வரும். இரவில் மட்டும் கீச்சிடும் தொல்லையும் அந்த மெதுவான சரிவினால்தான்.

லித்தியம்-மாங்கனீஸ் டைஆக்சைடு செல்லின் குணம் வேறு. ஒரு செல்லே 3 வோல்ட் தரும். ஆயுளின் பெரும்பகுதி அந்த அளவிலேயே நின்று, கடைசியில்தான் மடமடவென்று விழும். சும்மா இருக்கும்போது வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம்தான் வீணாகும். பத்து வருடம் என்ற வாக்குறுதி கணக்கிலும் நிற்கிறது. கேமராக்களில் போடும் சிஆர்123ஏ வகை செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 1,500 மில்லி ஆம்பியர்-மணி. 10 மைக்ரோ ஆம்பியர் வீதம் இழுத்தால் வருடத்துக்கு 88, பத்து வருடத்துக்கு 880. வீணாவதைச் சேர்த்தாலும், பொத்தானை அழுத்திச் சோதிப்பதற்கும் உண்மையான புகைக்கும் போதிய மிச்சம் இருக்கும்.

ஆனால் வோல்டேஜ் அசையாமல் நிற்பதால், அதை மட்டும் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிட முடியாது. அதனால் சீல் செய்த அலாரங்களில் சுமை கொடுத்துச் சோதிப்பதோடு, இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து காலத்தை எண்ணும் கடிகாரமும் இருக்கும். பத்து வருடம் முடிந்ததும், பேட்டரி எச்சரிக்கையிலிருந்து வேறுபட்ட ஒரு தாளத்தில் அது கீச்சிடும். எது எதற்கான தாளம் என்பது பின்பக்க ஒட்டுச்சீட்டில் அச்சாகியிருக்கும். கருவியையே மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அத்தனை வருடத்தில் தூசி சேர்ந்து புகையறியும் அறையும் தளர்ந்திருக்கும்.

செல்லை ஏன் சீல் செய்கிறார்கள்? தூக்கம் கெட்டவர்கள் பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு, புதியது வாங்க மறந்துவிடுகிறார்கள். தீ விபத்துக்குப் பிறகு பார்த்தால் அலாரம் கூரையில் இருக்கும், பேட்டரி இருக்காது. இதைத் தடுக்கத்தான் நியூயார்க் மாநிலம் 2019 ஏப்ரல் முதல், பேட்டரியில் மட்டும் ஓடும் புதிய அலாரங்களைக் கழற்ற முடியாத பத்து வருட பேட்டரியுடன்தான் விற்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது.

இந்த வகை அலாரம் கீச்சிட்டால் திறந்து செல்லைத் தேடுவதில் பயனில்லை. முழுக் கருவியும் மாற வேண்டும். பழையதை அகற்றும் முன், பின்பக்கத்தில் உள்ள முடக்கும் சுவிட்சைத் தள்ளிவிட வேண்டும். அது இணைப்பைத் துண்டித்து, மிச்ச மின்சாரத்தையும் வடித்துவிடும். இல்லையென்றால் குப்பைத் தொட்டிக்குள்ளிருந்தும் அது நாள்கணக்கில் கீச்சிட்டுக்கொண்டிருக்கும்.