140-ஆ, 120-ஆ?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்குப் பொறியியல் மாணவர்கள் புரட்டும் புத்தகங்களில் முக்கியமானது சில்பர்ஷாட்ஸ், கால்வின் முதலியோர் எழுதியது. அதன் பழைய பதிப்புகளில் ஒரு கணக்கு உண்டு. நினைவகத்தை ஒருமுறை தொட 100 நானோ நொடி. டிஎல்பி-யில் தேட 20 நானோ நொடி. ஹிட் விகிதம் 80 சதவீதம். ஒரு முகவரியை அணுக சராசரியாக எவ்வளவு நேரம்? விடை 140. பிறகு வந்த 9ஆம் பதிப்பிலும் அதே 100, அதே 80 சதவீதம்தான். ஆனால் விடை 120.

இரண்டில் எதுவும் அச்சுப்பிழை அல்ல. எது எப்போது சரி என்று புரிந்துவிட்டால், இந்த வகைக் கேள்விக்குச் சூத்திரம் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

நாம் எழுதும் நிரல் கேட்கும் முகவரி, நினைவகத்தின் உண்மையான முகவரி அல்ல. நிரலின் இடம் பக்கம் பக்கமாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4 கிலோபைட். எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதை பேஜ் டேபிள் சொல்லும். சிக்கல் என்னவென்றால், அந்த பேஜ் டேபிளும் நினைவகத்திலேயேதான் இருக்கிறது. ஆகவே ஒரு எண்ணை எடுக்க நினைவகத்தை இருமுறை தொடவேண்டும்: இடம் அறிய ஒருமுறை, எண்ணை எடுக்க ஒருமுறை. இந்த இரட்டைச் செலவைக் குறைக்கத்தான் செயலிக்குள் டிரான்ஸ்லேஷன் லுக்அசைட் பஃபர் என்ற சிறிய, வேகமான அட்டவணையை வைத்தார்கள். சமீபத்தில் பயன்பட்ட சில பக்கங்களின் இடம் அதில் இருக்கும். தேடிய பக்கம் அங்கே இருந்தால் ஹிட், இல்லாவிட்டால் மிஸ்.

இப்போது 140-ஐப் பார்ப்போம். ஹிட் ஆனால் 20 + 100 = 120. மிஸ் ஆனால் முதலில் டிஎல்பி-யில் தேடியதற்கு 20, பேஜ் டேபிளுக்கு 100, கடைசியில் எண்ணுக்கு 100, மொத்தம் 220. நூறு அணுகல்களில் 80 முதல் வகை, 20 இரண்டாம் வகை: 0.8 × 120 + 0.2 × 220 = 140.

இதையே இன்னொரு விதமாகப் பார்க்கலாம்; எனக்குப் பிடித்தது இந்த வழிதான். டிஎல்பி-யில் தேடும் 20 நானோ நொடி எல்லா அணுகலுக்கும் உண்டு. எண்ணை எடுக்கும் 100-உம் எல்லாவற்றுக்கும் உண்டு. மிஸ் ஆகும்போது மட்டும் கூடுவது பேஜ் டேபிளுக்கான செலவு. அதை மட்டும் மிஸ் விகிதத்தால் பெருக்கினால் போதும்.

```
T = t + m + (1 - h) * k * m
```

t என்பது டிஎல்பி நேரம், m நினைவக நேரம், h ஹிட் விகிதம், k பேஜ் டேபிளில் எத்தனை நிலைகள் என்பது. 20 + 100 + 0.2 × 100 = 140. பிந்தைய பதிப்பு டிஎல்பி தேடலுக்கு நேரமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. t சுழியானால் 120. இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த 20 மட்டுமே.

மாணவர் விடைகளில் 136 என்ற எண் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. மிஸ் வழியில் டிஎல்பி-யின் 20-ஐ விட்டுவிட்டு 0.8 × 120 + 0.2 × 200 என்று போட்டால் வருவது அது. தேடிப் பார்க்காமல் இல்லை என்று எப்படித் தெரியும்? தேடிய நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஆனால் டிஎல்பி தேடலும் பேஜ் டேபிள் தேடலும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன என்று கேள்வியே சொல்லியிருந்தால், 136 தான் சரி. இன்னும் சிலர் மிஸ் என்றால் நினைவகத்தை ஒருமுறை தொட்டால் போதும் என்று எண்ணி 0.8 × 120 + 0.2 × 100 என்று போட்டு 116-இல் முடிப்பார்கள். இந்தப் பிழையை உடனே பிடித்துவிடலாம். எல்லாமே ஹிட் ஆனாலும் 120 ஆகும். அதற்குக் கீழே விடை இறங்கவே முடியாது.

2003 கேட் தேர்வில் கணினி அறிவியல் தாளில் வந்த கேள்வி இதைவிட ஒரு படி மேலே. இரண்டு நிலை பேஜ் டேபிள், இரண்டும் நினைவகத்தில். நினைவகத்துக்கு 10 நானோ நொடி, டிஎல்பி-க்கு 1, கேஷுக்கு 1. டிஎல்பி ஹிட் 96 சதவீதம், கேஷ் ஹிட் 90 சதவீதம். பேஜ் ஃபால்ட் எதுவும் இல்லை. சராசரி நேரத்தை 0.5-க்கு நெருக்கமாகச் சொல்லவேண்டும்.

முதலில் டிஎல்பி, எப்போதும் 1. மிஸ் ஆகும் 4 சதவீதத்தில் இரண்டு நிலைக்கும் நினைவகத்தைத் தொடவேண்டும்: 0.04 × 20 = 0.8. உண்மையான முகவரி கைக்கு வந்தபின் கேஷில் பார்க்க 1, அங்கும் இல்லாத 10 சதவீதத்துக்கு நினைவகம்: 0.1 × 10 = 1. கூட்டினால் 1 + 0.8 + 1 + 1 = 3.8. விடை 4.

தரப்பட்ட நான்கு விடைகளில் 3-உம் இருந்தது. பேஜ் டேபிளைத் தேடும்போதும் கேஷ் உதவும் என்று எண்ணுகிறவருக்கு, ஒவ்வொரு நிலைக்கும் 10-க்குப் பதில் சராசரியாக 2 நானோ நொடிதான் ஆகும். அவர் கணக்கு 1 + 0.04 × 4 + 2 = 3.16, நேராக 3-இல் போய் நிற்பார். அவர் நினைப்பு அபத்தமும் அல்ல. இன்றைய செயலிகள் பலவற்றில் பேஜ் டேபிளின் பதிவுகள் கேஷ் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் இந்தக் கேள்வி பேஜ் டேபிள்கள் நினைவகத்தில் இருப்பதாகச் சொல்கிறது. அவற்றுக்கு 10 என்று எடுத்தால்தான் எதிர்பார்க்கும் விடை வரும். எண்களை எழுதுமுன், எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் வாக்கியத்தைத் தேடிப் படிப்பது அதனால்தான் அவசியம்.

80, 96 என்று கேள்விகள் தட்டில் வைத்துத் தரும் இந்த ஹிட் விகிதம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். 1024 வரிசை, 1024 நெடுவரிசை கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் அது வரிசை வரிசையாக நினைவகத்தில் அமரும். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால், பக்கத்தின் தொடக்கத்திலிருந்து அமர்ந்த அணியில் ஒரு வரிசை சரியாக ஒரு பக்கம். டிஎல்பி-யில் 64 பதிவுகளுக்கு இடம். நெடுநேரம் தொடப்படாத பதிவு முதலில் வெளியேறும்.

வரிசைப்படி கூட்டிக்கொண்டு போனால், ஒரு வரிசையின் முதல் எண்ணுக்கு ஒரு மிஸ், மீதி 1023 எண்களுக்கும் ஹிட். அதாவது ஏறத்தாழ 99.9 சதவீதம். நெடுவரிசைப்படி கூட்டினால் ஒவ்வோர் எண்ணும் வேறு பக்கம். அடுத்த நெடுவரிசைக்காக முதல் பக்கத்துக்குத் திரும்புவதற்குள் 1024 பக்கங்கள் வந்துபோய்விடும். அதன் பதிவு எப்போதோ வெளியேறியிருக்கும். அணியைப் பொறுத்தவரை ஹிட் விகிதம் சுழி.

தொடக்கக் கணக்கின் அதே 20, அதே 100-ஐ இதில் போட்டுப் பாருங்கள். வரிசைப்படி போனால் ஓர் எண்ணுக்கு 120.1 நானோ நொடி, நெடுவரிசைப்படி போனால் 220. நிரலில் மாற்றியது இரண்டு சுழல்களின் வரிசையை மட்டுமே, கூட்டுத்தொகையும் அதேதான். நிஜக் கணினியில் ஓட்டினால் இடைவெளி இதே அளவில் வராது. கேஷ் மிஸ்ஸும் அதோடு சேர்ந்து கூடும். மறுபுறம் இரண்டாம் நிலை டிஎல்பி அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். லினக்ஸில் அதை நேரடியாக எண்ணிப் பார்க்கலாம். செயலி அந்த எண்ணிகளைத் தந்தால், இந்தக் கட்டளையை ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக ஓட்டி, இரண்டின் மிஸ் எண்ணிக்கையையும் ஒப்பிடலாம்.

```
perf stat -e dTLB-loads,dTLB-load-misses ./a.out
```